நான்காவது ஊசி எதற்காக?

குற்றாலத்தில் குரங்கோ, தென்காசித் தெருவில் நாயோ கடித்தால், ரேபிஸ் தடுப்பூசி தொடங்கும் நாளிலும், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்களிலும் இரு கைகளிலும் தோலுக்குள் போடப்படுகிறது. காயம் ஆறிவிட்டதென்று சிலர் நான்காம் முறைக்கு வருவதில்லை. ஆனால் அந்த மூன்று வார இடைவெளியில்தான் உடல் தன் எதிர்ப்புரதங்களைச் செம்மைப்படுத்துகிறது.

முதலில் தோன்றுவது ஐஜிஎம். ஐந்து அலகுகள் இணைந்த பெரிய உருவம் ஆதலால், அது இரத்தத்தை விட்டு எளிதில் வெளியேறாது. அதன் ஒவ்வொரு பிடியும் தளர்வானது. பின்னர் பி செல்கள், வைரஸைப் பற்றும் நுனியை வைத்துக்கொண்டு தண்டுப்பகுதியை மட்டும் மாற்றி, திசுக்களுக்குள் ஊடுருவும் ஐஜிஜியை உருவாக்குகின்றன. இதுவே வகைமாற்றம்.

அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களில் பெருகும் பி செல்களில், நுனிக்குரிய மரபணுவில் சிறு பிழைகள் நேர்கின்றன. பெரும்பாலானவை பயனற்றவை, அச்செல்கள் மடிகின்றன. முன்னிலும் இறுக்கமாகப் பற்றும் செல்களே பிழைத்துப் பெருகுகின்றன. இத்தேர்வு வாரக்கணக்கில் நடக்கிறது. 28ஆம் நாள் ஊசி, அவ்வாறு தேறிய செல்களை மீண்டும் தூண்டுகிறது.

வைரஸ் அதுவரை காத்திராது. ஆகவே தோல் கிழிந்து இரத்தம் வந்த கடிக்கு, ஆயத்த எதிர்ப்புரதமான இம்யூனோகுளோபுலின் முதல் நாளே காயத்திற்குள்ளும் அதைச் சுற்றியும் செலுத்தப்படுகிறது. முதல் ஊசிக்குப்பின் ஏழு நாள் கடந்தால் அது தரப்படுவதில்லை. அதற்குள் உடலே எதிர்ப்புரதம் உருவாக்கத் தொடங்கியிருக்கும்.

முழுமையாக ஊசி போட்டவரை மீண்டும் விலங்கு கடித்தால், தொடக்க நாளிலும் 3ஆம் நாளிலும் போடுவதே போதும். நினைவுச் செல்கள் விரைந்து ஐஜிஜியைச் சுரக்கும். ஆதலால் ஊசி அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். எக்கடியாயினும் உடனே சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள்.