எட்டுப் பேருக்கு ஓர் உயிர்

பயிற்சி மருத்துவர்கள் கூடி ஓர் ஆய்வுக் கட்டுரையை அலசும்போது கையில் ஒரு கேள்வித்தாள் இருக்கும். 2020-இல் பிரிட்டனில் நடந்த ‘ரெகவரி’ ஆய்வையே எடுத்துக்கொள்வோம். கோவிட் நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் கொடுத்துப் பார்த்தது அது.

முதல் கேள்வி: யாருக்கு மருந்து என்று முடிவு செய்தது யார்? கணினிக் குலுக்கல். மருத்துவரின் விருப்பம் அதில் நுழைய வழியில்லை. ஆனால், குலுக்கலுக்குப் பின் மருந்து மறைக்கப்படவில்லையே? உண்மைதான். எண்ணியதோ 28 நாளுக்குள் நேர்ந்த மரணத்தை. அதைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க முடியாது.

பிறகுதான் எண்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் நூற்றுக்கு 41 பேர் இறந்தார்கள். மருந்தும் பெற்றவர்களில் 29. ஏறத்தாழ எட்டுப் பேருக்குக் கொடுத்தால் ஓர் உயிர் மிஞ்சும்.

அவசரத்தில் விட்டுவிடுவது கடைசிக் கேள்வியைத்தான்: இது நம் நோயாளிக்குப் பொருந்துமா? ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அந்த மருந்தால் பலன் தெரியவில்லை.