கால் மில்லிமீட்டர் காற்று

செல்போன் சார்ஜரைப் பிரித்தால், மஞ்சள் டேப் சுற்றிய ஒரு சின்னக் கட்டி கண்ணில் படும். உள்ளே ஃபெர்ரைட் என்ற கறுப்புக் காந்தப் பொருள். அதன் நடுத்தண்டைச் சுற்றி இரண்டு செம்புச் சுருள்கள். பார்க்க டிரான்ஸ்பார்மர் போலவே இருக்கும். ஆனால் பழைய டிரான்ஸ்பார்மரில் ஒரு சுருளில் மின்னோட்டம் பாயும்போதே மறு சுருளிலும் பாயும். ஆற்றல் நடுவில் தங்காது. இந்தக் கட்டியில் அப்படியில்லை. முதல் சுருள் ஓடும்போது இரண்டாவது சும்மா இருக்கும்; இரண்டாவது ஓடும்போது முதலாவது நின்றிருக்கும்.

கமலைச் சால் கிணற்றில் மொண்டு, மேலே வந்து, வாய்க்காலில் கொட்டுவதைப் போன்ற வேலை இது. கிணறும் வாய்க்காலும் ஒருபோதும் ஒட்டுவதில்லை. 230 வோல்ட் பக்கத்துக்கும் நம் கைபடும் பக்கத்துக்கும் கம்பித் தொடர்பே இல்லாமல் ஆற்றல் கடப்பது இப்படித்தான். ஃப்ளைபேக் என்று இந்த சர்க்யூட்டுக்குப் பெயர்.

5 வோல்ட், 2 ஆம்பியர் தரும் 10 வாட் சார்ஜர் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரம் முதலில் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாகிறது. ஒரு மின்னணு சுவிட்ச் அதை முதல் சுருளோடு விநாடிக்கு 65,000 முறை சேர்த்துப் பிரிக்கிறது. வழியில் வீணாவதையும் சேர்த்தால் உள்ளே 12.5 வாட் வரவேண்டும். அப்படியானால் ஒரு தடவைக்கு மொண்டாக வேண்டிய ஆற்றல் சுமார் 190 மைக்ரோஜூல்.

சுவிட்ச் மூடியதும் முதல் சுருளில் மின்னோட்டம் சட்டென்று பாய்ந்துவிடாது, சீராக ஏறும். சுருளின் தூண்டல் 1 மில்லிஹென்றி என்றால், இரண்டு மைக்ரோவிநாடிக்குள் 0.62 ஆம்பியரை எட்டும். அந்த நேரத்தில் இரண்டாவது சுருளிலும் வோல்டேஜ் எழுகிறது. ஆனால் டயோடு வழிவிடாத திசையில். பிறகு சுவிட்ச் திறக்கிறது. உள்ளே நிற்கும் காந்தப்புலம் ஒரு நொடியில் மறைய முடியாது. அது சுருங்கத் தொடங்கியதும் வோல்டேஜின் திசை புரள்கிறது, டயோடு திறக்கிறது, ஆற்றல் இரண்டாவது சுருள் வழியே வெளியேறுகிறது. முதல் சுருளுக்கு 105 சுற்று, இரண்டாவதற்கு 7 சுற்று என்று வைத்தால், மின்னோட்டம் பதினைந்து மடங்காகி ஒன்பது ஆம்பியருக்கு மேல் கிளம்பி, ஏழெட்டு மைக்ரோவிநாடியில் வற்றிவிடும். விட்டுவிட்டு வரும் இந்தப் பாய்ச்சலைச் சமனாக்குவது வெளியீட்டில் உள்ள கெப்பாசிட்டர்.

இடைப்பட்ட நேரத்தில் அந்த 190 மைக்ரோஜூல் எங்கே இருந்தது? ஃபெர்ரைட்டில் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் பெரும்பங்கு காற்றில் இருந்தது. நடுத்தண்டின் இரண்டு பாதிகளும் முட்டாதபடி, ஒன்றின் முனையைச் சற்றுத் தேய்த்து இடைவெளி விட்டிருப்பார்கள். ஒரே காந்த அடர்த்தியில், ஒரு கன மில்லிமீட்டர் காற்று தாங்கும் ஆற்றல் ஃபெர்ரைட் தாங்குவதைப்போல் ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு. காந்தப்புலம் எளிதாகப் புகும் பொருளில் அதை உண்டாக்கச் சிரமமில்லை. சிரமமில்லாத இடத்தில் ஆற்றலும் சேராது. 0.3 டெஸ்லா அடர்த்தியில் ஒரு கன மில்லிமீட்டர் காற்றுக்குச் சுமார் 36 மைக்ரோஜூல். நமக்குத் தேவை ஐந்தரை கன மில்லிமீட்டர்கூட இல்லை. தண்டின் பரப்பு இருபது சதுர மில்லிமீட்டர் அளவில் இருப்பதால், கால் மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளி போதும். ஃபெர்ரைட்டின் வேலை, காந்தப்புலத்தை அந்த இடுக்குக்குக் கூட்டிவந்து இரண்டு சுருள்களையும் இணைப்பது.

எல்லா ஆற்றலும் அடுத்த பக்கம் போய்ச் சேர்வதில்லை. முதல் சுருளின் காந்தப்புலத்தில் நூற்றில் இரண்டு மூன்று பங்கு இரண்டாவது சுருளைத் தொடாமல் நழுவும். சுவிட்ச் திறந்த கணத்தில் அந்தப் பங்குக்குப் போக்கிடம் கிடையாது. சுவிட்சின் மீதே வோல்டேஜாகப் பாயும். ஏற்கெனவே அங்கே 400 வோல்ட் நிற்கும். அதனால்தான் 600, 700 வோல்ட் தாங்கும் சுவிட்சைப் போடுகிறார்கள். நழுவியதை வெப்பமாக்கித் தீர்க்க ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் டயோடும் பக்கத்திலேயே நிற்கும்.

பழுது பார்க்கையில் உடைந்த ஃபெர்ரைட்டுக்குப் பதிலாக இடைவெளி இல்லாத ஒன்றைப் பொருத்தினால் என்ன ஆகும்? தூண்டல் பதினைந்து மடங்குக்கு மேல் கூடும், ஆனால் 0.04 ஆம்பியரிலேயே ஃபெர்ரைட் காந்தத்தால் நிரம்பிவிடும். அதுவரை சேர்ந்திருப்பது வெறும் 12 மைக்ரோஜூல். ஒரு வாட்கூடத் தேறாது. நிரம்பிய பிறகு தூண்டல் சரிந்து மின்னோட்டம் தறிகெட்டு ஏறும். அளவு மீறினால் சுவிட்சை நிறுத்தும் காவல் சர்க்யூட் உண்டு என்றாலும், அது விழித்துக்கொள்வதற்குள் சுவிட்ச் எரிந்துவிடலாம். எரியாமல் தப்பினால், மீட்டரில் 5 வோல்ட் சரியாகவே காட்டக்கூடும். போனைச் செருகியதும் வோல்டேஜ் படுத்துவிடும், சுவிட்ச் கொதிக்கும்.