கன்னத்தில் ஏன் அந்த அழுக்குத் தடம்?

மண்டபத்தின் மஞ்சள் விளக்கில் மணப்பெண்ணின் கன்ன எலும்பு எடுப்பாகத் தெரிந்தது. மறுநாள் காலை வாசலில் அதே ஒப்பனையோடு எடுத்த படத்தில், கன்னத்தில் சேறு பூசியதுபோல் ஒரு பட்டை. ஒப்பனை மாறவில்லை, வெளிச்சம்தான் மாறியது.

கான்டூர் என்பது பொய் நிழல். உண்மையான நிழல், தோலின் நிறமே சற்று மங்கியது. அதில் ஆரஞ்சுச் சாயல் கூடுவதில்லை. பலரும் கான்டூருக்குப் பதில் பூசும் பிரான்சரில் செம்மை அதிகம். மஞ்சள் விளக்கு முகம் முழுவதையும் மஞ்சளாக்குவதால் அந்தச் செம்மை கலந்து மறைகிறது. பகல் வெளிச்சம் அதைப் பிரித்துக் காட்டிவிடும். மாறாக, மாநிறத்துக்குச் சாம்பல் கூடிய கான்டூரும் ஆகாது; தோல் வெளுத்துச் சாம்பல் பூத்ததுபோல் தெரியும்.

படத்தை வைத்துக் கணிக்க, முதலில் வெள்ளைத் துணி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அதுவே மஞ்சளாக இருந்தால், அந்தப் படத்தின் நிறத்தை நம்ப வேண்டாம். பிறகு படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். எனக்குப் பிடித்த சோதனை இதுதான். பட்டை கரைந்து இயல்பான நிழலாகிவிட்டால், பிழை நிறத்தில். ஷேடை மாற்ற வேண்டும். அப்போதும் விளிம்பு தெரிந்தால், பூசிய அளவு அதிகம் அல்லது சரியாகக் கலக்கவில்லை. பவுடர் போட்ட பின் க்ரீம் கான்டூர் தேய்த்தால் இப்படித் திட்டுத் திட்டாக நிற்கும்.

ஹைலைட்டரை ஒரே படத்தில் எடைபோட முடியாது. ஃபிளாஷ் அதன் மினுக்கை மிகைப்படுத்தும். ஜன்னலோரம் நின்று, தலையைத் திருப்பி இன்னொரு படம் எடுங்கள். பளபளப்பு முகத்தோடு நகர வேண்டும். வெள்ளைக் கோடாக ஒரே இடத்தில் நின்றால் அது அதிகம்.