தண்ணீர் வடிந்த பின்னும் அமுங்கும் மண்

நார்வே நாட்டின் தலைநகர் ஆஸ்லோவுக்கு அருகே ஃப்ளோம் என்ற இடத்தில் ஒரு பாலம் உண்டு. பாலம் பைல்களின் மேல் நிற்கிறது. பைல்கள் கீழே உறுதியான தரையில் ஊன்றியிருப்பதால் அது அசைவதில்லை. பாலத்தின் இருபுறமும் வந்து சேரும் சாலைக்கு அந்த ஆதாரம் கிடையாது. அது வெறும் மண்கரை. அதற்கு அடியில் 3 மீட்டர் பீட் மண், அதற்கும் கீழே 10 மீட்டர் இளகிய கடல் களிமண். 1970களின் தொடக்கத்தில் இந்தச் சாலை ஆண்டுக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் வரை இறங்கிக்கொண்டிருந்தது. பாலம் இருந்த இடத்திலேயே நிற்க, சாலை மட்டும் கீழே போனால் சேருமிடத்தில் படி விழும். வண்டிகள் தூக்கிப் போடும். அதனால் சாலைத் துறையினர் மேலே கற்களும் தாரும் போட்டு மட்டத்தை உயர்த்தினார்கள். சாலை மறுபடி இறங்கியது. மறுபடி உயர்த்தினார்கள். இறங்கும் வேகம் குறைவதற்குப் பதிலாகக் கூடியது.

இது ஏன் என்று புரிய, பீட் என்ற மண்ணை முதலில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். சதுப்பு நிலத்தில் செத்து விழுந்த புல், நாணல், இலை, வேர் எல்லாம் தண்ணீருக்குள் மூழ்கிக் காற்று படாமல் அரைகுறையாக மட்கிக் கிடப்பதுதான் பீட். கறுப்பாக, நார்நாராக இருக்கும். பிழிந்தால் தேநீர் நிறத்தில் தண்ணீர் வடியும். ஒரு கிலோ உலர்ந்த பொருளுக்கு ஐந்து கிலோ, சில சதுப்புகளில் பத்துக் கிலோவுக்கும் மேல் தண்ணீரைச் சுமந்திருக்கும். களிமண்ணோடு இந்த மட்கு கலந்திருந்தால் அது கரிமக் களிமண். குணத்தில் களிமண்ணுக்கும் பீட்டுக்கும் இடைப்பட்டது.

இப்படிப்பட்ட மண்ணின் மேல் பாரம் ஏற்றினால் முதலில் நடப்பது எளிதாகப் புரியும். பாரத்தை முதலில் தாங்குவது துளைகளுக்குள் இருக்கும் தண்ணீர். அழுத்தம் தாளாமல் அது மெல்ல வெளியேறும். வெளியேறிய அளவுக்கு மண் அமுங்கும். கடைசியில் தண்ணீர் தன் பங்கை இறக்கிவைத்துவிட, பாரம் முழுவதும் மண்ணின் கூட்டுக்கு வந்து சேரும். இதற்குக் கணக்கு வகுத்தவர் கார்ல் டெர்சாகி. 1925இல் வெளியான அவருடைய நூலிலிருந்துதான் இன்றைய மண் இயந்திரவியல் தொடங்குகிறது. அந்தக் கணக்குப்படி, தண்ணீரில் மிஞ்சிய அழுத்தம் தீர்ந்ததும் அமுங்கலும் தீர வேண்டும்.

தீர்வதில்லை. டெல்ஃப்ட் பேராசிரியர் கெவர்லிங் பாய்ஸ்மன் 1936இல் இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார். பீட்டும் இளகிய களிமண்ணும் நிறைந்த நெதர்லாந்து அவருடைய ஊர். பாரம் கூடவில்லை, தண்ணீரில் அழுத்தமும் இல்லை, ஆனாலும் மண் இறங்கிக்கொண்டே இருக்கிறது. இதைத்தான் இரண்டாம் கட்ட அமுங்கல் என்கிறோம்.

வைக்கோல் போர் போட்டவர்களுக்கு இது புதிதல்ல. போட்ட அன்று ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் போர், மேலே யாரும் எதையும் வைக்காமலே மாதக்கணக்கில் தாழ்ந்துகொண்டே வரும். தாள்கள் தங்கள் பாரத்திலேயே வளைந்து, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி, இடுக்குகளில் இறங்கி உட்காரும். பீட்டுக்குள்ளும் நார்கள் அப்படித்தான் வளைகின்றன, வழுக்குகின்றன, நசுங்குகின்றன. அதோடு நார்களுக்கு உள்ளேயே பழைய தாவர உயிரணுக்களின் அறைகளில் தண்ணீர் அடைபட்டிருக்கும். நார்களுக்கு இடையிலுள்ள பெரிய துளைகளின் தண்ணீர் விரைவாகப் போய்விடும். இந்த உள்ளறைத் தண்ணீர் நெடுங்காலம் கசிந்துகொண்டிருக்கும்.

எவ்வளவு அமுங்கும் என்பதற்கு நம்பத் தகுந்த ஒரு விகிதம் இருக்கிறது. மெஸ்ரி, கோட்லெவ்ஸ்கி என்ற இருவர் 1977இல் அதை வெளியிட்டார்கள். பாரத்தைப் பத்து மடங்காக்கினால் ஒரு மண் எவ்வளவு அமுங்குமோ, காலம் பத்து மடங்காகும்போது அதில் ஒரு சிறு பங்கு அமுங்கும். அந்தப் பங்கு சாதாரணக் களிமண்ணுக்கு ஏறத்தாழ 4 சதவீதம், கரிமக் களிமண்ணுக்கு 5, பீட்டுக்கு 6. இந்த எண்களில் நான் வியப்பது அவை எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதைத்தான். பங்கைப் பொறுத்தவரை பீட் பெரிதாக விலகி நிற்கவில்லை. அது தொல்லை தருவதற்குக் காரணங்கள் வேறு இரண்டு. ஒன்று, பாரத்துக்கு அது மிக அதிகமாக அமுங்கும். எனவே அதில் 6 சதவீதமும் பெரிய தொகை. மற்றது, தண்ணீர் வடியும் முதற்கட்டம் அதில் சீக்கிரம் முடிந்துவிடும். தடித்த களிமண் படுகையில் முதற்கட்டத்துக்கே பல பத்தாண்டுகள் ஆகலாம். அங்கே இரண்டாம் கட்டத்தைக் கட்டடம் தன் ஆயுளில் அவ்வளவாகப் பார்க்காது. பீட்டில் சில மாதங்களில் முதற்கட்டம் முடிய, மிச்ச ஆயுள் முழுவதும் இரண்டாம் கட்டம்தான்.

ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 4 மீட்டர் தடிமனான பீட் படுகை. அதில் திடப்பொருள் 40 சென்டிமீட்டர்தான், மீதி 3.6 மீட்டரும் தண்ணீர். அதன் மேல் இரண்டரை மீட்டர் மண்கரை எழுப்புகிறோம். பீட்டின் மேலிருந்த அழுத்தம் நான்கு மடங்காகிறது. மூன்று மாதத்தில் தரை 1.2 மீட்டர் இறங்கி முதற்கட்டம் முடிகிறது. இந்தப் பீட்டுக்குப் பாரம் பத்து மடங்கானால் 2 மீட்டர் அமுங்கும் என்று சோதனையில் தெரிந்திருக்கிறது என்று கொள்வோம். அதில் 6 சதவீதம் 12 சென்டிமீட்டர். ஆக, 3ஆம் மாதத்திலிருந்து 30ஆம் மாதத்துக்குள் 12 சென்டிமீட்டர் இறங்கும். 30ஆம் மாதத்திலிருந்து 300ஆம் மாதத்துக்குள், அதாவது 25 ஆண்டு நிறைவதற்குள், இன்னும் 12 சென்டிமீட்டர்.

வேலைத்தளத்தில் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான். கரைக்கு அடியில் ஓர் இரும்புத் தகட்டை வைத்து, அதிலிருந்து மேலே நீளும் கம்பியின் மட்டத்தை அளந்து வருவார்கள். இதற்கு செட்டில்மென்ட் பிளேட் என்று பெயர். நம் எடுத்துக்காட்டில் 3ஆம் மாதம் முதல் 6ஆம் மாதம் வரை 3.6 சென்டிமீட்டர் இறங்கும். அடுத்த மூன்று மாதத்தில் 2.1. அதற்கடுத்த மூன்று மாதத்தில் 1.5. சாதாரண வரைபடத் தாளில் இதைப் போட்டால் கோடு படுத்துக்கொண்டே வரும். இறக்கம் அடங்கிவிட்டது, தார் போடலாம் என்று தோன்றும். ஆனால் அடுத்த ஓராண்டில் 3.6 சென்டிமீட்டர் காத்திருக்கிறது. காலத்தை 1, 10, 100 என்று மடங்குகளாகக் குறிக்கும் மடக்கைத் தாளில் அதே அளவுகளைப் போட்டால் நேர்கோடு கிடைக்கும். படுக்கிற அறிகுறி எதுவும் அதில் இருக்காது.

அந்த நேர்கோடு இன்னொரு விதத்திலும் உதவும். ஒரு கட்டத்தில் அது சட்டென்று செங்குத்தாகத் திரும்பினால், வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது என்று பொருள். யாரோ மேலே பாரம் ஏற்றியிருக்கலாம். பக்கத்தில் ஆழ்துளைக் கிணறோ வாய்க்காலோ நிலத்தடி நீரை இறக்கியிருக்கலாம். நீர் இறங்கினால் பாரம் கூடும், பீட் காற்றுப் பட்டு மட்கியும் போகும். சில பீட் மண்ணில் எந்தக் காரணமும் வெளியே தெரியாமல் கோடு கொஞ்சம் சாய்வது உண்டு. ஆகவே நேர்கோட்டை நூறாண்டுக்கு நீட்டிக் கணக்குச் சொல்வது சரியில்லை. அளந்த மட்கம்பியை எந்தக் கல்லோடு ஒப்பிட்டார்கள் என்பதையும் கேட்க வேண்டும். அந்தக் கல்லும் அதே சதுப்பில் நின்றால், இரண்டும் சேர்ந்து இறங்கி, ஒன்றுமே நடக்காததுபோல் காட்டும்.

இப்போது ஃப்ளோம் சாலைக்கு வருவோம். நம் எடுத்துக்காட்டுச் சாலை 12 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு 12 சென்டிமீட்டர் கல்லும் தாரும் போட்டு மட்டப்படுத்தினால், அந்தப் புதுப் பாரத்துக்கே பீட் சுமார் 3 சென்டிமீட்டர் மேலும் அமுங்கும். அதோடு, அந்தப் புதுப் பாரத்துக்குரிய மெதுவான அமுங்கல் தன் கடிகாரத்தைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஃப்ளோமில் பீட்டுக்குக் கீழே 10 மீட்டர் இளகிய களிமண்ணும் இருந்ததால் நிலைமை இன்னும் மோசமானது. பழுதுபார்த்ததே பழுதை வளர்த்தது. 1972இல் நார்வே சாலைத் துறையினர் பாரத்தைக் கூட்டாமல் குறைத்தார்கள். ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சாலையைத் தோண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அரை மீட்டர் தடிமனான தெர்மாகோல் கட்டிகளை இரண்டு அடுக்காக வைத்து, மேலே சாலையைப் போட்டார்கள். சாலை மண்ணைவிட ஏறக்குறைய நூறு மடங்கு இலேசான பொருள் அது. இறக்கம் நின்றது. அந்த முறை பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. வெள்ளம் வந்தால் தெர்மாகோல் மிதக்கும், பெட்ரோல் பட்டால் கரையும். அதனால் மேலே போதிய பாரமும் கான்கிரீட் மூடாக்கும் வேண்டும்.

இலங்கையில் கொட்டாவையிலிருந்து காலிக்குப் போகும் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை 2011 நவம்பரில் திறக்கப்பட்டது. அதன் வடபகுதி பல இடங்களில் பீட்டும் கரிமக் களிமண்ணும் நிறைந்த தாழ்நிலங்களைக் கடக்கிறது. அங்கே பின்பற்றிய வழிகளில் ஒன்று முன்கூட்டியே அமுக்கிவிடுவது. சாலைக்கு வேண்டிய உயரத்துக்கு மேலும் மண் குவித்து, சில மாதங்கள் விட்டு, பிறகு அதிகப்படியை வழித்தெடுப்பார்கள். நம் எடுத்துக்காட்டில் ஒரு மீட்டர் கூடுதல் மண் வைத்தால் பீட் 23 சென்டிமீட்டர் கூடுதலாக அமுங்கும். 25 ஆண்டுகளில் மெதுவாக வரவிருந்த 24 சென்டிமீட்டரை அது ஏறக்குறைய முன்னதாகவே வாங்கிவிடுகிறது. கூடுதல் மண்ணை எடுத்ததும் தரை சிறிது எழும்பும். பிறகு சில காலம் சும்மா இருந்து, மறுபடி இறங்கத் தொடங்கும். ஆனால் முன்னைவிட மிக மெதுவாக.

இதிலும் அவசரப்பட முடியாது. பீட் வலுவற்றது. ஒரே மூச்சில் மண்ணைக் குவித்தால் கரையின் அடி வழுக்கி வெளியே பிதுங்கும். கரையோரத்து வயல் மேலெழும்புவதும், கரையின் தலையில் நீளவாக்கில் வெடிப்பு ஓடுவதும் அதற்கு அறிகுறி. அப்போது வேலையை நிறுத்திக் காத்திருந்து, மண் கொஞ்சம் இறுகிய பிறகு அடுத்த அடுக்கைப் போட வேண்டும். அந்தச் சாலையின் ஒப்பந்தம் இறக்கமே கூடாது என்று கேட்கவில்லை. வேலை முடிந்த மூன்றாண்டில் சாலையின் நடுவில் 15 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும் என்றுதான் கேட்டது. இந்த மண்ணை அறிந்தவர்கள் எழுதிய நேர்மையான நிபந்தனை என்று அதை நினைக்கிறேன்.

சதுப்பை நிரப்பிய மனையில் வீடு கட்டுவோருக்கும் இதே கணக்குதான். நிரப்பி இரண்டு மாதமான மனையும் பத்து ஆண்டான மனையும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். மனை வாங்கும்போது எப்போது நிரப்பினார்கள், எவ்வளவு உயரத்துக்கு, அடியில் என்ன மண் என்று கேட்பது நல்லது. பைல் போட்ட வீடு நிற்கும், முற்றம் இறங்கும். சுவரைத் தாண்டி வெளியே வரும் கழிவுநீர்க் குழாய் அந்த இடத்தில் முறியும். பைல் போடாத பழைய வீட்டோடு ஒட்டிப் புதிய அறை கட்டினால், பழையது தன் இறக்கத்தில் பெரும்பகுதியை முடித்திருக்கும், புதியது அன்றுதான் தொடங்கும். இரண்டும் சேருமிடத்தில் வெடிப்பு விழும். அந்தச் சேர்க்கையில் சுவர்களைப் பிணைக்காமல் ஓர் இடைவெளி விட்டுக் கட்டினால் புதிய அறை தனியாக இறங்கிக்கொள்ளும்.