உங்களுக்குத் தெரியுமா? பத்து முறை பாதியாக்கினால் போதும்

இடைவெளியைப் பாதி பாதியாக வெட்டி மூலத்தைத் தேடும் பைசெக்‌ஷன் முறையில், அட்டவணையில் எத்தனை வரி தேவை என்பதைக் கணக்கைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடலாம். நியூட்டன் தம் முறையை விளக்க எடுத்துக்கொண்ட x³ − 2x − 5 = 0 என்ற சமன்பாட்டைப் பார்ப்போம். x = 2 எனில் இடப்பக்க மதிப்பு −1, x = 3 எனில் 16; குறி மாறுவதால் மூலம் இடையில் இருக்கிறது. இடைவெளியின் நீளம் 1. n-ஆவது நடுப்புள்ளியின் பிழை 1/2ⁿ-ஐத் தாண்டாது. 0.001 துல்லியம் வேண்டுமானால் 9 வரி போதாது (1/512); 10 போதும் (1/1024).

இந்தக் கணக்கு உள்ள புத்தகப் பக்கத்தைப் படமெடுத்ததில் அட்டவணையின் அடிப்பகுதி விடுபட்டு, ஐந்தாம் வரியோடு நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். நடுப்புள்ளிகள் 2.5, 2.25, 2.125, 2.0625, 2.09375. உண்மை மூலம் 2.09455 என்பதால் ஐந்தாவதன் பிழை ஏற்கெனவே 0.001-க்குள் வந்துவிட்டது. பிறகு பத்து எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மூலத்தை முன்பே அறிந்ததால்தான் அப்படிக் கேட்க முடிகிறது. ஐந்தாம் வரி தரும் உத்தரவாதம் வெறும் 1/32. அடுத்த நடுப்புள்ளி 2.109375, பிழை 0.0148 ஆகக் கூடிவிடுகிறது! வரிக்கு வரி சுருங்குவது இடைவெளிதான்; பிழை ஏறி இறங்கும். மதிப்பு பூஜ்யத்தை நெருங்கியதும் நிறுத்தலாமே என்றால், வளைகோடு படுத்துக் கிடக்கும் சமன்பாடுகளில் மூலத்துக்குத் தொலைவிலும் மதிப்பு சிறிதாகவே இருக்கும். எனவே முன்பே கணக்கிட்ட எண்ணிக்கையையே நம்ப வேண்டும்; அதுவும் பெரிதாகக் கூடுவதில்லை. துல்லியத்தை ஆயிரம் மடங்கு கூட்டி 0.000001 கேட்டாலும் மேலும் பத்து வரிகளே தேவை.