தேடலில் முன்னே வரும் தோசைக்கல்: அமேசான் லிஸ்டிங் எழுதும் முறை

அமேசான் இந்தியா தளத்தில் ஒரு பொருள் தேடலில் மேலே வருவதற்கு இரண்டு கட்டங்கள் உண்டு. வாங்குபவர் தேடல் பெட்டியில் தட்டும் சொல் லிஸ்டிங்கில் இருந்தால் அந்தப் பொருள் தேடல் முடிவில் இடம்பெறும் வாய்ப்பு அதிகம். எத்தனையாவது இடம் என்பதைப் பெரும்பாலும் முன்பு தேடியவர்களின் நடத்தை தீர்மானிக்கிறது. அமேசான் தேடல் பிரிவில் பணியாற்றிய டாரியா சொரோகினாவும் எரிக் கான்ட்டு-பாஸும் 2016-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதை விளக்குகிறது: எதைத் தேடியவர்கள் எதை வாங்கினார்கள் என்ற பழைய பதிவுகளிலிருந்தே வரிசைப்படுத்தும் முறை உருவாகிறது. ஆகவே சொற்களைத் திணித்து ஆளை உள்ளே இழுத்துவிட்டு, வந்தவர் வாங்காமல் திரும்பினால் லிஸ்டிங் மெல்லக் கீழே போகும்.

வார்ப்பிரும்புத் தோசைக்கல்லை எடுத்துக்கொண்டால் இது எளிதில் புரியும். பாத்திரக் கடையில் வாங்குபவர் கல்லைத் தூக்கிப் பார்க்கிறார், மேற்பரப்பை விரலால் தடவுகிறார், கவிழ்த்து அடிப்பாகம் சமமாக இருக்கிறதா என்று பார்க்கிறார். திரையில் இந்த மூன்றும் முடியாது. அந்த வேலையைத் தலைப்பும் குறிப்புகளும் படங்களும் செய்ய வேண்டும். 30 செ.மீ. விட்டம், 2.6 கிலோ எடை, சமமான அடிப்பாகம், எண்ணெயிட்டுப் பழக்கிய மேற்பரப்பு, இருபக்கமும் கைப்பிடி என்று ஒரு கல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். புதிதாக விற்க வருபவர்கள் பலரும் அதற்கு எழுதும் தலைப்பு இப்படி இருக்கும்:

```
Best Premium Tawa Dosa Tawa Cast Iron Tawa Heavy Quality Best Price!
```

Best, Premium போன்றவை பொருளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அளவு இல்லை, அடிப்பாகம் பற்றிய தகவல் இல்லை. இதில் விதிமீறலும் இருக்கிறது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, பெரும்பாலான பிரிவுகளில் தலைப்பு இடைவெளிகளையும் சேர்த்து 200 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும், ஒரே சொல் இரண்டு முறைக்கு மேல் வரக்கூடாது, ஆச்சரியக்குறி போன்ற குறிகளும் கூடாது. இங்கே Tawa மூன்று முறை வந்திருக்கிறது. திருத்தி எழுதினால்:

```
BrandName Cast Iron Dosa Tawa 30 cm, Pre-Seasoned, Flat Base, Double Handle, for Gas and Induction, 2.6 kg
```

கைபேசியில் தேடல் முடிவுகளைப் பார்ப்பவருக்குத் தலைப்பின் முன்பகுதி மட்டுமே தெரியும். அதனால் பொருள் என்ன, எதனால் ஆனது, எவ்வளவு பெரியது, பழக்கியதா என்ற நான்கும் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும். கைப்பிடியும் எடையும் பின்னால் போகலாம்.

எந்தச் சொற்களைச் சேர்ப்பது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. தேடல் பெட்டியில் dosa என்று தட்டியதும் கீழே விரியும் பரிந்துரைகள் மக்கள் தேடுவதையே காட்டுகின்றன. தானியங்கி விளம்பரம் ஒன்றைச் சில வாரங்கள் சிறிய தொகையில் ஓடவிட்டால், எந்தச் சொல்லைத் தட்டியவர்கள் கிளிக் செய்து வாங்கினார்கள் என்பதை அதன் தேடல்சொல் அறிக்கையில் பார்க்கலாம். ஒரே பொருளை dosa kallu, dosai kal, thosai kallu என்று விதவிதமாக எழுதித் தேடுவார்கள். இவற்றைத் தலைப்பில் அடைத்தால் படிக்க முடியாது. விற்பவரின் கணக்கில் மட்டும் தெரியும் Search Terms பெட்டி இதற்காகத்தான் இருக்கிறது. தலைப்பில் உள்ள சொல்லை அங்கே திரும்ப எழுதுவது இடத்தை வீணாக்கும். போட்டியாளரின் பிராண்டு பெயரை எழுதுவது விதிமீறல்.

கிளிக்கைப் பெற்றுத் தருவதில் முதன்மைப் படத்துக்குத்தான் பெரிய பங்கு. பின்னணி தூய வெள்ளையாக, அதாவது RGB மதிப்பு 255, 255, 255 ஆக இருக்க வேண்டும். பொருள் சட்டத்தின் 85 விழுக்காட்டையாவது நிரப்ப வேண்டும். எழுத்து, லோகோ, கூட வராத பொருள் எதுவும் கூடாது; கல்லின் மேல் முறுகலான தோசையை வைத்து எடுத்த படத்தை இங்கே போட முடியாது. 2000 பிக்சல் சதுரப் படம் என்றால், கைப்பிடியோடு சேர்த்துக் கல்லின் நீளம் சுமார் 1700 பிக்சல் வர வேண்டும். நீண்ட பக்கம் 1000 பிக்சலுக்குக் குறைந்தால் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி கிடைக்காது. கல்லின் மேற்பரப்பைப் பெரிதாக்கிப் பார்க்க விரும்பும் வாங்குபவருக்கு அது பெரிய குறை.

கறுப்புக் கல்லை வெள்ளைத் தாளில் வைத்து எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சட்டம் முழுக்க வெள்ளை இருப்பதால் கேமரா வெளிச்சத்தைத் தானாகக் குறைத்துவிடும். தாள் சாம்பல் நிறமாகவும், கல் வெறும் கறுப்பு வட்டமாகவும் பதிவாகும். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டி, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி வைத்தால் வார்ப்பிரும்பின் பொடி மணல் போன்ற பரப்பு தெளிவாகத் தெரியும். பிறகு பின்னணியைத் தூய வெள்ளையாக்கினால் போதும். எண்ணெயை அதிகம் தடவிப் பளபளப்பாக்கி எடுத்தால், வீட்டுக்கு வரும் மங்கலான கல்லைப் பார்த்து ஏமாந்ததாக நினைப்பார்கள்.

அடுத்தடுத்த படங்கள் கடையில் செய்யும் சோதனைகளைச் செய்துகாட்ட வேண்டும். அளவுநாடா வைத்த படம், கனம் தெரியும் ஓரப் படம், கவிழ்த்து வைத்த அடிப்பாகம், தராசில் எடை, கேஸ் அடுப்பின் மேல் இருக்கும்போது அளவுப் பொருத்தம், கடைசியில் தோசை. தோசைப் படம் ஆசையைத் தூண்டும். ஆனால் ‘இவ்வளவு சின்னதா?’ என்ற ரிட்டர்னைத் தடுப்பது அளவுநாடாப் படம்தான்.

புல்லட் பாயிண்ட் எனப்படும் குறிப்புகள் பெரும்பாலான பிரிவுகளில் ஐந்து. ஒவ்வொன்றும் வாங்குபவரின் ஒரு கேள்விக்குப் பதிலாக அமைய வேண்டும். ‘உயர்தர இரும்பு, ஆரோக்கியமான சமையல்’ என்ற வரி எந்தக் கேள்விக்கும் பதில் ஆகாது. இண்டக்‌ஷன் பற்றிய குறிப்பை இப்படி எழுதலாம்: ‘சமமான அடிப்பாகம், கேஸ், இண்டக்‌ஷன் இரண்டிலும் பயன்படும். வீட்டு இண்டக்‌ஷனின் சூடாகும் வட்டம் கல்லைவிடச் சிறியது. குறைந்த சூட்டில் சில நிமிடங்கள் வைத்தபின் மாவு ஊற்றவும்.’ குறையையும் சேர்த்துச் சொல்வதால் சிலர் வாங்காமல் போகலாம். ஆனால் ஓரம் வேகவில்லை என்று ஒற்றை நட்சத்திரம் கொடுக்கக்கூடியவர்களும் அவர்கள்தான். பராமரிப்பைச் சொல்லும் குறிப்பும் இதே போல முக்கியம். சோப்பில் ஊறவைக்கக் கூடாது, கழுவியதும் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும், ஈரம் பட்டால் துரு வரும், துருவைத் தேய்த்து எடுத்து மீண்டும் பழக்கலாம் என்று எழுதாவிட்டால், முதல் வாரத்தில் வரும் துருவைத் தரக்குறைவு என்றே நினைப்பார்கள்.

விலை, நிகர அளவு, உற்பத்தியாளர் முகவரி, உற்பத்தி நாடு போன்ற சட்டப்படியான விவரங்களுக்குத் தனிப் புலங்கள் இருக்கின்றன. குறிப்புகளில் அவற்றுக்கு இடம் செலவிட வேண்டாம். ஆனால் அந்தப் புலங்களைக் காலியாக விடவும் கூடாது.

லிஸ்டிங் எங்கே பழுதாகிறது என்பதை எண்களே காட்டும். விளம்பர அறிக்கையில் காட்சிகள் அதிகம், கிளிக் குறைவு என்றால் முதன்மைப் படத்தையோ, தலைப்பின் தொடக்கத்தையோ, விலையையோ சந்தேகிக்கலாம். விற்பனை அறிக்கையில் ஒரு மாதம் 400 வருகைக்கு 8 ஆர்டர் என்றால் அது 2 விழுக்காடு. வருகை இருந்தும் ஆர்டர் இல்லையென்றால் மற்ற படங்களும் குறிப்புகளும் கேள்விகளுக்குப் பதில் சொல்லவில்லை என்று பொருள் கொள்ளலாம். விற்று, திரும்பியும் வந்தால், ரிட்டர்ன் காரணங்களைப் படித்து, எந்த வரி தவறான எதிர்பார்ப்பைக் கொடுத்தது என்று தேட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சில வாரங்கள் விட்டுப் பார்க்க வேண்டும். படத்தையும் விலையையும் ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. தீபாவளி வாரத்து விற்பனையைச் சாதாரண வாரத்தோடு ஒப்பிட்டாலும் இதே குழப்பம்தான்.

எழுத்தாலும் படத்தாலும் சரிசெய்ய முடியாதவையும் உண்டு. அதே அளவுக் கல்லை இன்னொருவர் மலிவாக, மறுநாளே கொண்டுசேர்த்தால் நல்ல லிஸ்டிங்கும் பின்தங்கும். புதுப் பொருளுக்கு வாங்கியவர்களின் பதிவே இருக்காது என்பதால், தொடக்கத்தில் விளம்பரச் செலவு தேவைப்படும். அந்த விளம்பரத்தை, அளவுநாடாப் படமும் பராமரிப்புக் குறிப்பும் சேர்ந்த பிறகு தொடங்குவது நல்லது.