பின்னோக்கியும் ஓதத் தெரிந்தால்தான் தேர்ச்சி

கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் கடவல்லூர் ஸ்ரீராமர் கோயில் இருக்கிறது. விருச்சிக மாதத்தில் அங்கே ரிக் வேதம் ஓதும் போட்டி ஒன்று நடக்கும். அதற்கு ‘அன்யோன்யம்’ என்று பெயர். திருச்சூர், திருநாவாய் என்னும் இரு மடங்களின் நம்பூதிரிகள் அதில் மோதுகிறார்கள். ஓதுகிறவர் கையில் ஏடு கிடையாது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மந்திரங்களும் மனத்தில் இருக்க வேண்டும்.

மந்திரத்தை நேராக ஒப்பித்துவிட்டால் தேர்ச்சி கிடைக்காது. நேராக ஓதும்போது ராகமும் பழக்கமும் நாக்கை இழுத்துக்கொண்டு போய்விடும். ஒரே தொடர் இரண்டு மந்திரங்களில் வந்தால், ஒன்றில் தொடங்கி இன்னொன்றுக்குத் தாவிவிடுவது எளிது. ஓதுகிறவருக்கே அது தெரியாது. இந்தத் தடுமாற்றத்தைப் பிடிக்கத்தான் பழங்காலத்தவர் மந்திரத்தைப் பிரித்து, கோத்து, திருப்பி ஓதும் முறைகளை வகுத்தார்கள்.

ஒரு மந்திரத்தின் சொற்களுக்கு 1, 2, 3, 4 என்று எண் கொடுத்துப் பார்க்கலாம். அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்வது பதம். 1-2, 2-3, 3-4 என்று இரண்டிரண்டாகக் கோப்பது கிரமம். 1-2, 2-1, 1-2 என்று போய்த் திரும்புவது ஜடை. கனத்தில் இது 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3 என்று நீளும். அடுத்த சுற்று 2-இல் தொடங்கும். நடுவில் உள்ள ஒரு சொல்லைக் கணக்கிட்டால், மூன்று சுற்றுகளில் அது 13 முறை வந்துவிடும்.

திருப்பிச் சொல்வதில்தான் சோதனை இருக்கிறது. 1-2 என்று சேரும்போது வரும் புணர்ச்சி வேறு, 2-1 என்று சேரும்போது வருவது வேறு. ஒலிகள் மாறும், அவற்றோடு உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் என்னும் ஸ்வரங்களும் விதிப்படி மாறும். சொல்லின் தனி வடிவம் தெரியாதவர் அங்கே நின்றுவிடுவார். வேறு மந்திரத்துக்குத் தாவியவரும் அகப்படுவார், ஏனென்றால் எதிரே இருப்பவர்களுக்கு அடுத்த சொல் எதுவென்று தெரியும்.

கடவல்லூரில் கிரமம், ஜடை, ரதம் ஆகிய முறைகளில் சோதிப்பார்கள். முன்பிலிருக்கல், கடந்நிருக்கல், வலிய கடந்நிருக்கல் என்று தகுதி படிப்படியாக உயரும். தமிழ்நாட்டுப் பாடசாலைகளில் கனம் வரை முடித்தவருக்குக் ‘கனபாடிகள்’ என்ற பட்டம் உண்டு. அங்கே குரு சொல்ல, மாணவர் திருப்பிச் சொல்லும் பாடத்துக்குச் ‘சந்தை’ என்று பெயர்.

இந்தக் காவலுக்கும் எல்லை உண்டு. சொற்களை அது காக்கும், பொருளைக் கற்றுத் தராது. கனம் ஓதுகிறவர் பொருளைத் தனியாகத்தான் படிக்க வேண்டும். ஓதுகிற ஆள் இல்லாமல் போனால் முறையும் போய்விடும். ரிக் வேதத்துக்கு 21 சாகைகள் இருந்ததாகப் பதஞ்சலி மகாபாஷ்யத்தில் எழுதினார். ஆயிரத்துக்கும் மேல் இருந்த வேத சாகைகளில் இன்று 13 மட்டுமே எஞ்சியுள்ளன என்கிறது, 2003-இல் வேதம் ஓதும் மரபுக்கு அங்கீகாரம் அளித்த யுனெஸ்கோ.